மொட்டை மாடியில் நான்கு கனெக்டர்கள்

வீட்டு மாடிகளில் சூரிய மின்சாரத் தகடுகள் பெருகிவருகின்றன. ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் பொதுவாகக் கேட்பது பேனல் எந்த கம்பெனி, இன்வெர்ட்டர் எந்த கம்பெனி, எத்தனை வருட உத்தரவாதம் என்பதைத்தான். பேனல்களிலிருந்து வரும் கேபிளின் முனையில் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கிறதே, அதை யார், எந்தக் கருவியால், எப்படிப் பொருத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாடியில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள இடங்களில் அதுவும் ஒன்று.

முதலில் பயத்தை அதன் அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த நாட்டில் அப்போது சுமார் 13 லட்சம் சூரிய மின் அமைப்புகள் இருந்தன. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் சுமார் 350 அமைப்புகள் தீயில் சிக்கின. அவற்றில் 120இல்தான் தீ அந்த அமைப்பிலிருந்தே கிளம்பியது. 10 கட்டடங்கள் முழுவதும் எரிந்தன. ஆக, தீ விபத்து அரிது. ஆனால் காரணங்களைப் பற்றி அதே நிறுவனம் எழுதியதைக் கவனிக்க வேண்டும். அனுபவமில்லாத ஆட்கள் அவசரமாக வேலை முடிக்கும்போதுதான் அபாயம் கூடுகிறது. உரிய கிரிம்பிங் கருவிக்குப் பதிலாகச் சாதாரண பிளேயரால் கனெக்டரை நசுக்கினாலும், ஒன்றோடொன்று பொருந்தாத கனெக்டர்களைச் சேர்த்தாலும் அங்கே பலவீனம் உருவாவது நிச்சயம் என்கிறது அது. பேனலைவிடக் கைவேலைதான் பெரிய அபாயம்.

அந்தக் கைவேலை எங்கே நடக்கிறது என்று பார்க்கலாம். 3 கிலோவாட் வீட்டு அமைப்பில் 540 வாட் பேனல்கள் 6 இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பேனலிலும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட இரண்டு கேபிள் முனைகள் இருக்கும். ஒரு பேனலின் பிளஸ், அடுத்த பேனலின் மைனஸ் என்று அவற்றை வரிசையாகச் செருகிவிடலாம். இந்த ஐந்து இணைப்புகளிலும் கைவேலை கிடையாது. வரிசையின் இரு முனைகளிலிருந்து கீழே இன்வெர்ட்டருக்குக் கேபிள் போக வேண்டும். பேனல் பக்கம் இரண்டு, இன்வெர்ட்டர் பக்கம் இரண்டு என்று அங்கே நான்கு கனெக்டர்களை எலக்ட்ரீஷியன் கையால் செய்தாக வேண்டும். பேனல்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்திருந்தால் இன்னும் இரண்டு சேரும். வெயிலில் உட்கார்ந்து, காற்றில் ஆடும் கேபிளைப் பிடித்துக்கொண்டு செய்யப்படும் இந்த நான்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வகைக் கனெக்டரைக் கடைத்தெருவில் ‘எம்.சி.4’ என்பார்கள். மல்டி காண்டாக்ட் என்ற சுவிஸ் கம்பெனி வைத்த பெயர் அது. உள்ளே இருக்கும் உலோக ஊசி 4 மில்லிமீட்டர் விட்டம் என்பதால் அந்த 4. அந்தக் கம்பெனி பிறகு ஸ்டாப்லி நிறுவனத்தோடு சேர்ந்தது. இன்று பல கம்பெனிகள் அதே வடிவில் செய்து விற்கின்றன. கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒன்றில் ஊசி, மற்றதில் குழல். பின்பக்கம் கேபிளை இறுக்கும் நட்டு, அதற்குள் ரப்பர் வளையம். கேபிளின் செம்புக் கம்பியை அந்த ஊசியோடும் குழலோடும் இணைக்கும் வேலைதான் கிரிம்பிங். சாலிடர் கிடையாது, திருகு கிடையாது; வெறும் அழுத்தம்.

அழுத்தினால் மட்டும் மின்சாரம் எப்படி ஒழுங்காகப் பாயும் என்று தோன்றலாம். இரண்டு உலோகப் பரப்புகள் தொட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தெரிந்தாலும், நுண்ணிய அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கும் அவை சில மேடுகளில்தான் உண்மையில் தொடுகின்றன. மொத்த மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். போதாததற்கு உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வேறு. சரியான கருவியால் அழுத்தும்போது மெல்லிய இழைகள் ஒவ்வொன்றும் தம் வட்ட வடிவத்தை இழந்து, தேன்கூட்டு அறைகள் போலப் பக்கத்து இழைகளோடு இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. உலோகம் நீளவாக்கில் சற்றே வழிந்து நகரும்போது ஆக்சைடு படலம் கிழிந்து, புது உலோகம் புது உலோகத்தைத் தொடுகிறது. காற்றும் ஈரமும் புக இடமில்லை. நல்ல கிரிம்பைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, உருப்பெருக்கியில் பார்த்தால் இழைகளுக்கு நடுவே கறுப்பு இடுக்கே தெரியாது; ஒரே செம்புத் துண்டு போலிருக்கும்.

பிளேயரால் நசுக்கியதை அறுத்துப் பார்த்தால் காட்சி வேறு. குழல் தட்டையாகியிருக்கும். நடுவில் சில இழைகள் நெருங்கியிருக்கும். ஓரங்களில் இழைகள் வட்டம் மாறாமல் சும்மா கிடக்கும். இழுத்தால் வராததால் வேலை செய்தவருக்கு அது இறுக்கமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்த இடுக்குகளில் காற்று இருக்கிறது. மாடியில் பகலெல்லாம் சூடேறி இரவில் குளிரும்போது உலோகம் விரிந்து சுருங்குகிறது. இடுக்கில் ஈரம் புகுந்து ஆக்சைடு வளர்கிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. தொடும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைய மின்தடை ஏறுகிறது. தடை ஏற ஏறச் சூடு, சூடு ஏற ஏற இன்னும் ஆக்சைடு. இதற்கு மாதங்களோ வருடங்களோ ஆகும். அதனால்தான் பொருத்திய அன்று எல்லாமே நன்றாக ஓடும்.

அளவுக்கு மீறி நசுக்குவதும் கெடுதல்தான். 6 சதுர மில்லிமீட்டர் கேபிளை 4க்கான பள்ளத்தில் வைத்து அழுத்தினால் இழைகள் அறுபடும், குழலின் சுவர் விரிசல் விடும். மிச்சமுள்ள இழைகள் வழியாகவே முழு மின்னோட்டமும் போக வேண்டியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நல்ல வெயிலில் இந்த 6 பேனல் வரிசையில் சுமார் 250 வோல்ட், 13 ஆம்பியர் ஓடும். ஒரு நல்ல எம்.சி.4 இணைப்பின் தடை ஒரு மில்லி ஓமில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சூடாக வீணாகும் மின்சாரம் என்பது மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு தடையால் பெருக்கினால் வருவது. 13ஐ 13ஆல் பெருக்கினால் 169. அதை 0.00035 ஓமால் பெருக்கினால் 0.06 வாட், கையில் உறைக்கவே உறைக்காது. அதே இணைப்பு கெட்டு 0.1 ஓம் ஆனால் 17 வாட். மின்விசிறியோடு ஒப்பிட்டால் 17 வாட் பெரிதல்ல. ஆனால் கட்டைவிரல் பருமனுள்ள, காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள், அதுவும் ஏற்கெனவே கொதிக்கும் பேனலுக்கு அடியில், மணிக்கணக்கில் 17 வாட் என்றால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இவ்வகைக் கனெக்டர்கள் பொதுவாக 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் இளகும், உள்ளிருக்கும் சுருள்விசைத் தகடு தன் இறுக்கத்தை இழக்கும், தடை இன்னும் ஏறும்.

வீட்டுக்காரருக்கு இது எதிலாவது தெரியுமா? 13 ஆம்பியரும் 0.1 ஓமும் சேர்ந்தால் குறையும் மின்னழுத்தம் 1.3 வோல்ட். 250 வோல்ட்டில் அது அரை சதவீதம். பேனல் மேல் படியும் தூசி அதைவிட அதிகம் குறைக்கும். கைப்பேசிச் செயலியில் தினசரி யூனிட் வழக்கம்போலத்தான் காட்டும். இன்வெர்ட்டரில் எச்சரிக்கை வராது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. அதன் சோதனை ஒயர்களின் தடையே 0.1, 0.2 ஓம் இருக்கும் என்பதால், தேடும் எண் அதற்குள் மறைந்துபோகும். இவ்வளவு சிறிய தடையை அளக்க நான்கு முனை மில்லி ஓம் மீட்டர் வேண்டும்.

சரி, பியூஸோ எம்.சி.பி.யோ காப்பாற்றாதா? வீட்டுக்குள் வரும் மின்வாரிய மின்சாரத்தில் ஷார்ட் ஆனால் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் பாயும், எம்.சி.பி. விழும். சூரியத் தகட்டின் இயல்பு வேறு. முனைகளை நேராக ஷார்ட் செய்தாலும் 540 வாட் பேனல் 14 ஆம்பியருக்கு மேல் பெரிதாகத் தராது. இயல்பாக ஓடுவது 13, ஷார்ட்டில் 14. இந்த வித்தியாசத்தைப் பியூஸ் அறியாது. கெட்ட இணைப்பிலோ மின்னோட்டம் ஏறவே ஏறாது. கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆகவே பியூஸும் எம்.சி.பி.யும் கடைசி வரை சும்மா இருக்கும்.

முடிவில் ஒருநாள் இணைப்பு நூலிழை அளவு விட்டுப்போகிறது. அந்த இடைவெளியில் மின்பொறி தாவுகிறது. வீட்டு ஏ.சி. மின்சாரமாக இருந்தால் அது விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. பேனலிலிருந்து வருவது டி.சி. அதற்குப் பூஜ்யம் கிடையாது. சூரியன் இருக்கும் வரை பொறி வெல்டிங் போல நின்று எரியும்; அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. கனெக்டர் உருகிச் சொட்டும். கீழே காய்ந்த சருகோ, பிளாஸ்டிக் தொட்டியோ, தென்னங்கீற்றுக் கொட்டகையோ இருந்தால் தீ அங்கே பற்றும். இந்தப் பொறியின் சலசலப்பை மின்னோட்டத்தில் கேட்டு நிறுத்தும் ‘ஆர்க்’ தடுப்பு வசதி சில இன்வெர்ட்டர்களில் உண்டு. அமெரிக்காவின் மின் விதிகள் 2011இலிருந்தே கட்டட மாடி அமைப்புகளுக்கு அதைக் கேட்கின்றன. இங்கே இன்வெர்ட்டர் வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். அது இருந்தாலும் சூடேறிக்கொண்டிருக்கும் கட்டத்தில் உதவாது. பொறி கிளம்பிய பிறகுதான் உதவும்.

ஆகவே இணைப்பைச் செய்யும்போதே சரியாகச் செய்வதுதான் வழி. நிதானமாகச் செய்தால் ஒரு கனெக்டருக்குச் சில நிமிடங்கள் போதும்.

கேபிள் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளாலான சூரிய டி.சி. கேபிளாக இருக்க வேண்டும். வீட்டு ஒயரிங் கம்பி கூடாது. முதல் வேலையாகக் கனெக்டரின் நட்டைக் கேபிளில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து கிரிம்ப் செய்துவிட்டு, பிறகு வெட்டியெறிந்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்தது இன்சுலேஷனை உரிப்பது. ஸ்டாப்லியின் எம்.சி.4க்கு 6 முதல் 7.5 மில்லிமீட்டர் வரை உரிக்கச் சொல்கிறார்கள்; மற்ற கம்பெனிகளுக்கு அந்தந்தப் பொட்டலத்தில் உள்ள அளவைப் பார்க்க வேண்டும். பிளேடால் சுற்றி அறுத்தால் ஓர இழைகளும் சேர்ந்து அறுபடும் என்பதால் ஸ்ட்ரிப்பர்தான் சரி. உரித்ததும் இழைகளை எண்ண வேண்டியதில்லை. கீழே ஒரு இழையாவது விழுந்ததா, ஓர இழைகளில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரிக்க வேண்டும். குறைவாக உரித்தால் இன்சுலேஷன் குழலுக்குள் போய் மாட்டி, செம்புக்குப் பதில் பிளாஸ்டிக்கைக் கிரிம்ப் செய்ததாகிவிடும். கூடுதலாக உரித்தால் பின்னால் செம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கிரிம்பிங் டூலில் இரண்டு விஷயம். ஒன்று, அதில் ராட்செட் இருக்க வேண்டும். அதாவது பாதி அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது திறக்காது. முழு அழுத்தமும் முடிந்த பிறகே விடும். கை சோர்ந்திருந்தாலும் கடைசி கிரிம்பும் முதல் கிரிம்ப் போலவே வர இதுதான் காரணம். இன்னொன்று, டையின் பள்ளம். 2.5, 4, 6 என்று பொறித்த பள்ளங்களில் கேபிளின் அளவுக்கு உரியதில்தான் வைக்க வேண்டும். உலோக முனைகளிலும் இரண்டு வகை கடையில் கிடைக்கிறது. தகட்டை மடித்துச் செய்த, இரண்டு காதுகள் விரிந்த திறந்த வகை ஒன்று; கடைந்தெடுத்த மூடிய குழல் வகை மற்றொன்று. திறந்த வகைக்கான டை இரு காதுகளையும் சுருட்டி இழைகளுக்குள் இறக்குகிறது. அதை மூடிய குழலில் போட்டு அழுத்தினால் வடிவம் கெடும். கனெக்டர் கம்பெனி சொல்லும் டூலும் டையும் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே பதில். கூடுதல் உறுதி என்று நினைத்துச் சிலர் இழைகளுக்கு முதலில் ஈயம் பற்றவைக்கிறார்கள். அது தவறு. ஈயம் மென்மையானது; அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து இறுக்கம் தளர்ந்துவிடும்.

கிரிம்ப் முடிந்ததும் கூட்டுக்குள் தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே போனபின் அது கண்ணுக்கே தெரியாது. குழலின் முன்முனையில் இழைகளின் நுனி சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். மூடிய வகையில் பக்கத்துத் துளையில் செம்பு தெரிய வேண்டும். எந்த இழையும் வெளியே பிதுங்கக் கூடாது. குழலில் விரிசல் கூடாது, ஊசி வளையக் கூடாது. டையின் பதிவு நடுவில், இரு பக்கமும் சீராக விழுந்திருக்க வேண்டும். கையால் பலமாக ஒரு இழு இழுத்தால் அசையவே கூடாது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு மாதிரியைச் செய்து சோதிப்பது இன்னும் நல்லது. சர்வதேசத் தரவிதிப்படி 4 சதுர மில்லிமீட்டர் கம்பியின் கிரிம்ப் 310 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 31 கிலோ எடை. 6 சதுர மில்லிமீட்டருக்கு 360 நியூட்டன். வீணாகப்போகும் ஒரு கேபிள் துண்டில் கிரிம்ப் செய்து, ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தாலே டூலும் டையும் சரியா என்று தெரிந்துவிடும். மாடியில் பொருத்திய கனெக்டரை இப்படி இழுக்கக் கூடாது. அது மாதிரிக்கான சோதனை.

பிறகு உலோக முனையைக் கூட்டுக்குள் ‘கிளிக்’ என்று கேட்கும் வரை தள்ளி, லேசாகப் பின்னால் இழுத்து, மாட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கிளிக் விழாவிட்டால், ஜோடியைச் செருகும்போது ஊசி பின்னுக்கு நகர்ந்து, வெளியில் இரண்டும் சேர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே பாதிதான் தொட்டுக்கொண்டிருக்கும். நட்டை இரண்டு ஸ்பேனர்களால், கம்பெனி சொல்லும் முறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். கையால் திருகிவிட்டால் ரப்பர் வளையம் கேபிளை முழுதாகக் கவ்வாது. மழை உள்ளே இறங்கும். கனெக்டரை ஒட்டியே கேபிளைச் சட்டென்று வளைத்தாலும் வளையம் ஒரு பக்கம் திறந்துகொள்ளும். கடைசியாக, இணைத்த கனெக்டர்கள் தளத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்காமல், சட்டத்தோடு கட்டப்பட்டு நிழலில் தொங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது: வேறு வேறு கம்பெனி கனெக்டர்களை ஜோடி சேர்ப்பது. பேனலில் தொழிற்சாலை பொருத்திய கனெக்டர் ஒரு கம்பெனி. எலக்ட்ரீஷியன் பையில் இருப்பது இன்னொன்று. வரிசையின் இரு முனைகளில், அதாவது நாம் பார்த்த நான்கில் இரண்டில், இந்த இரண்டும் சந்திக்கின்றன. பொட்டலத்தில் ‘எம்.சி.4க்குப் பொருந்தும்’ என்று அச்சிட்டிருக்கும், கிளிக்கென்று மாட்டவும் செய்யும். ஆனால் ஊசியின் விட்டத்திலும் பூச்சிலும் பிளாஸ்டிக்கின் தன்மையிலும் கம்பெனிக்குக் கம்பெனி நுண்ணிய வித்தியாசம் உண்டு. ஐ.இ.சி. 62852 என்ற தரச் சோதனையில் தேறியது அந்தக் கம்பெனியின் ஊசியும் அதே கம்பெனியின் குழலும் சேர்ந்த ஜோடிதான். கலப்பு ஜோடிக்கு அந்தச் சான்று செல்லாது. தீர்வு எளிது. பேனல் வந்து இறங்கியதும் அதன் கனெக்டரில் பொறித்த கம்பெனி பெயரையும் மாடலையும் பார்த்து, அதே மாடலில் முனைகளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பொருத்தி ஓடிக்கொண்டிருக்கும் மாடிகளில் குறையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி வெப்பக் கேமரா. மேகமில்லாத நாளில், வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அமைப்பு முழு வேகத்தில் ஓடும்போது எல்லாக் கனெக்டர்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறைந்த வெயிலில் எடுத்த படத்தை நம்ப முடியாது. ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றிலும் ஓடுகிறது என்பதால் எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஐந்து கனெக்டர் 50 டிகிரியிலும் ஆறாவது 65லும் இருந்தால் அந்த ஆறாவதைத் திறந்து பார்த்தாக வேண்டும். கேமரா காட்டுவது பிளாஸ்டிக்கின் மேல்தோல் சூட்டை. உள்ளே உலோகம் அதைவிடக் கூடுதலாகவே கொதிக்கும். கேமரா இல்லாத இடத்தில் கண்ணாலும் சிலது பிடிபடும்: பழுப்பேறிய அல்லது பளபளப்பு போன பிளாஸ்டிக், வீங்கிய கூடு, நட்டுக்கு அருகே சுருங்கிய கேபிள் தோல், பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட ஜோடி. சூடாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது.

சந்தேகப்பட்ட கனெக்டரைத் திறக்கும் முறைக்கு வரிசை உண்டு. ஓடும்போது அதைப் பிரித்தால் அந்த இடத்திலேயே டி.சி. பொறி கையில் வெடிக்கும். முதலில் இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கத்தை நிறுத்தி, பிறகு டி.சி. ஐசொலேட்டரை அணைத்து, டி.சி. கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டி மின்னோட்டம் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகே பிரிக்க வேண்டும். அப்போதும் 6 பேனல் வரிசையில் 300 வோல்ட் அளவுக்கு இருந்துகொண்டே இருக்கும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. ஆகவே இது தேர்ந்த எலக்ட்ரீஷியன் உரிய கையுறையோடு செய்யும் வேலை.

உருகிய ஜோடியில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவது பொதுவாக நடக்கும் தவறு. மற்ற பக்கத்தின் குழலும் அதே சூட்டில் வெந்து, இறுக்கும் விசையை இழந்திருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் மாற வேண்டும். கேபிளைப் பழைய இடத்திலேயே உரித்தால் உள்ளே இழைகள் கறுத்திருக்கும். பளிச்சென்று வெள்ளீயப் பூச்சு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய், அங்கிருந்து உரிக்க வேண்டும். கெட்டுப்போன பக்கம் பேனலின் சொந்த முனையாக இருந்தால், அதை வெட்டுமுன் பேனல் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. தொழிற்சாலைக் கனெக்டரை அகற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் கம்பெனிகளும் இருக்கின்றன.